இரண்டு பக்கமும் "சரி" சொன்னால், ஒரே மண்டபத்தில் இரண்டு கல்யாணம்

கேள்வி: கல்யாண மண்டபம் புக்கிங் சாஃப்ட்வேர் நடத்துகிறோம். அம்பத்தூரில் 2 சர்வர், சிறுசேரியில் 2 சர்வர், நாலும் ஒரே டேட்டாவை வைத்திருக்கிற ஒரே கலேரா டேட்டாபேஸ் கிளஸ்டர். நடுவில் லிங்க் அறுந்தாலும் இரண்டு பக்கமும் புக்கிங் நடக்கணும், டபுள் புக்கிங்கும் வரக்கூடாது என்கிறார் மேனேஜர். கேப் தேற்றப்படி மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்று படித்தேன். நல்ல லிங்க்காகப் போட்டுவிட்டு நமக்கு வேண்டிய இரண்டையும் எடுத்துக்கொள்ளக் கூடாதா?

பதில்:

கூடாது என்று இல்லை, முடியாது. லிங்க் அறுவது உங்கள் தேர்வில் இல்லை. அது மழைநீர் வடிகால் தோண்டுகிற ஜேசிபி ஓட்டுநரின் கையில் இருக்கிறது.

அந்த மூன்று: எல்லா சர்வரும் ஒரே தகவலைக் காட்டும் கன்சிஸ்டன்சி, கேட்டால் பதில் வரும் அவைலபிலிட்டி, லிங்க் அறுந்தாலும் தாங்குவது. "மூன்றில் இரண்டு" என்ற பேச்சு எரிக் புரூவர் 2000இல் ஒரு கருத்தரங்கில் சொன்னதிலிருந்து பரவியது. அப்போது அது ஒரு ஊகம்தான். 2002இல் சேத் கில்பர்ட், நான்சி லிஞ்ச் இருவரும் அதை நிரூபித்தார்கள். 2012இல் புரூவரே "மூன்றில் இரண்டு என்று சொன்னது ஆளைக் குழப்புகிறது" என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். ஹோட்டல் மெனுவில் மூன்று அயிட்டம் இருக்க, இரண்டைத் தேர்ந்தெடுப்பதுபோல அல்ல இது. லிங்க் நன்றாக இருக்கிற நேரத்தில் இரண்டும் உங்களுக்குக் கிடைக்கும். அறுந்த நேரத்தில் மட்டும், ஒவ்வொரு புக்கிங்குக்கும் ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். அவ்வளவுதான் தேற்றம்.

நிரூபணம் பெரிய கணக்கு இல்லை. உங்கள் மண்டபத்தை வைத்தே சொல்லலாம். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வளர்பிறை முகூர்த்தம், வில்லிவாக்கத்தில் ஒரு மண்டபம். லிங்க் அறுந்திருக்கிறது. அம்பத்தூர் சர்வரிடம் ஒருவர் அந்தத் தேதியைக் கேட்கிறார். அந்தப் பக்கம் சிறுசேரியில் இதே தேதியை யாராவது கேட்டிருக்கிறார்களா என்பது அம்பத்தூருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. "சரி, புக் ஆகிவிட்டது" என்று சொன்னால், சிறுசேரியும் அதே நொடியில் வேறொருவருக்கு அதையே சொல்லியிருக்கலாம். "இப்போது முடியாது" என்று சொன்னால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒரு சர்வர் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பியதாக ஆகும். லிங்க் வரட்டும் என்று சுற்றும் சக்கரத்தைக் காட்டி உட்கார வைத்தாலும் அது மறுப்புதான், கொஞ்சம் மரியாதையான மறுப்பு. நாலாவது வழி கிடையாது.

இங்கே இரண்டு சொற்களில் பலர் தடுக்கி விழுகிறார்கள். இந்தத் தேற்றத்தில் வரும் கன்சிஸ்டன்சிக்கும், பாடப்புத்தகத்தில் டிரான்சாக்‌ஷனுக்குச் சொல்கிற கன்சிஸ்டன்சிக்கும் சம்பந்தம் இல்லை. நாலு சர்வர் இருந்தாலும் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒரே நோட்டுப் புத்தகம்போலத் தெரிய வேண்டும், கடைசியாக எழுதியது எங்கிருந்து படித்தாலும் வர வேண்டும் என்பதே இங்கே பொருள். அதேபோல அவைலபிலிட்டி என்றால் வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கு அல்ல. உயிரோடு இருக்கிற ஒவ்வொரு சர்வரும் தன்னிடம் வந்த கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பது. இந்தக் கறாரான அர்த்தத்தில் பார்த்தால், உங்கள் மேனேஜர் கேட்பது இரண்டும் முழுமையாக வேண்டும் என்பது. அறுந்த நேரத்தில் அது நடக்காது.

5 விநாடி

லிங்க் அறுந்தது என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. பதில் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கம் கரண்ட் போனதா, ஃபைபர் போனதா, இல்லை வேலை அதிகமாகி மெதுவாக இருக்கிறதா என்பதெல்லாம் இந்தப் பக்கத்துக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் எல்லா டேட்டாபேஸும் ஒரு டைம்அவுட் வைத்திருக்கின்றன. கலேராவில் `evs.suspect_timeout`, சொல்லாவிட்டால் 5 விநாடி. அந்த 5 விநாடியும் இரண்டு பக்கமும் கமிட் தொங்கிக்கொண்டிருக்கும், ஏனென்றால் கலேராவில் ஒரு டிரான்சாக்‌ஷன் கமிட் ஆக வேண்டுமென்றால் அது குழு முழுவதுக்கும் போய் வரிசையில் இடம் பிடித்தாக வேண்டும். 5 விநாடி முடிந்ததும், நாம் மேலே பார்த்த "சரியா, முடியாதா" என்ற முடிவு எடுக்கப்படுகிறது. எடுப்பது நீங்கள் அல்ல, முன்பு யாரோ எழுதிவைத்த விதி.

கலேராவின் விதி பெரும்பான்மை. கடைசியாக ஒன்றாக இருந்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் யாரிடம் இருக்கிறதோ அந்தப் பக்கம் மட்டும் ஓடும், மற்றது நிற்கும். இப்போது உங்கள் அமைப்பைப் பாருங்கள். மொத்தம் நாலு. அறுந்தால் இரண்டு, இரண்டு. பாதி இருக்கிறது, பாதிக்கு மேல் எந்தப் பக்கமும் இல்லை. ஆகவே இரண்டு பக்கமும் நிற்கும். நாலு சர்வருக்குக் காசு கொடுத்து, ஒரு சர்வர் வைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிடக் குறைவாக வாங்கியிருக்கிறீர்கள். எந்த நோடில் போய்ப் பார்த்தாலும் இப்படி இருக்கும்:

```
mysql> SHOW STATUS LIKE 'wsrep_cluster_status';
| wsrep_cluster_status | non-Primary |

mysql> SELECT * FROM bookings;
ERROR 1047 (08S01): WSREP has not yet prepared node for application use
```

கவனியுங்கள், படிக்கவும் விடாது. பழைய தகவலைக் காட்டுவதும் "ஒரே நோட்டுப் புத்தகம்" என்ற வாக்கை மீறுவதுதானே. ஆனால் மண்டபம் பார்க்க வருகிறவருக்கு காலண்டரை மட்டும் காட்டினால் பரவாயில்லை என்று நீங்கள் நினைத்தால், `wsrep_dirty_reads` என்பதை அந்தத் திரைக்கான கனெக்‌ஷனில் மட்டும் திறக்கலாம். அப்படித் திறந்தால், "காலை 10:42 நிலவரம்" என்று நேரத்தையும் திரையில் போடுங்கள். இல்லாவிட்டால் கவுன்ட்டரில் சண்டை வரும்.

கிளஸ்டர் இப்படி நிற்பதைப் பார்த்து "கலேரா பழுதாகிவிட்டது" என்று பலர் நினைக்கிறார்கள். அது சொன்னபடி நடந்துகொள்கிறது. பழுது அதற்கு அப்புறம், மனிதர்களால் வருகிறது. என் கதையைச் சொல்கிறேன்.

நாங்கள் செய்த கூத்து

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்திலும் இதே இரண்டுக்கு இரண்டு அமைப்புதான். இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் லிங்க் வாங்கியிருந்தோம், ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்ற நிம்மதியில். ஒரு சனிக்கிழமை மதியம் ரோடு தோண்டியபோது இரண்டும் ஒன்றாகப் போயின. பில் வேறு வேறு கம்பெனி அனுப்பியது, கேபிள் ஓடியது ஒரே பள்ளத்தில். லிங்க் வாங்கும்போது வேகத்தைக் கேட்டோம், விலையைக் கேட்டோம், எந்த ரோடு வழியாகப் போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு பக்கமும் கிளஸ்டர் நின்றது. இரண்டு பக்கமும் ஒரு இன்ஜினியர் உட்கார்ந்திருந்தார். இருவருமே "அந்தப் பக்கம் செத்துப்போச்சு" என்று நினைத்தார்கள், ஏனென்றால் இருவருக்கும் அந்தப் பக்கம் பிங் போகவில்லை. இருவரும் இணையத்தில் தேடினார்கள், இருவருக்கும் ஒரே பதில் கிடைத்தது:

```
SET GLOBAL wsrep_provider_options='pc.bootstrap=YES';
```

"பெரும்பான்மை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இனிமேல் நீதான் கிளஸ்டர்" என்று நோடிடம் சொல்கிற கட்டளை இது. அந்தப் பக்கம் நிஜமாகவே இறந்திருந்தால் இது சரியான மருந்து. உயிரோடு இருந்தால் விஷம். இரண்டு பக்கமும் `Primary` என்று பச்சை விளக்கு எரிந்தது, இரண்டு பக்கமும் விற்பனை ஓடியது, முக்கால் மணி நேரம் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

லிங்க் வந்ததும் இரண்டும் ஒன்று சேரவில்லை. சேர்ந்திருந்தால்தான் ஆச்சரியம். ஒரே எண் வரிசையில் இரண்டு வேறு கதை எழுதப்பட்டிருந்தது. கலேராவிடம் "இரண்டையும் கலந்து கொடு" என்று கேட்க வழியே இல்லை. ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு, இன்னொரு பக்கத்தை அழித்து, முழு டேட்டாவையும் மறுபடி நகலெடுக்கத்தான் முடியும். பதற்றத்தில் அதைத்தான் தொடங்கினார்கள். தோற்ற பக்கத்தின் டேட்டா அழிந்துகொண்டிருக்கும்போதுதான் ஒருவர் "அந்தப் பக்கம் காசு வாங்கியவங்க ரசீது?" என்று கேட்டார். இரண்டு நோடில் ஒன்றை அப்படியே நிறுத்தி, அதன் பைனரி லாகை வைத்து அந்த முக்கால் மணி நேரத்தில் எழுதியதை எடுத்தோம்:

```
mysqlbinlog --start-datetime="2018-06-16 14:05:00" \
            --stop-datetime="2018-06-16 14:55:00" binlog.000213
```

லாக் எழுதுவது அங்கே இயக்கப்பட்டிருந்தது எங்கள் அதிர்ஷ்டம். கலேராவுக்கு அது கட்டாயம் இல்லை, அதனால் பல இடங்களில் அணைத்து வைத்திருப்பார்கள். உங்களுடையதை இன்றே பாருங்கள்.

எடுத்ததில் பெரும்பாலானவை சாதுவானவை. புது வாடிக்கையாளர், புது ரசீது. அப்படியே சேர்த்துவிட்டோம். இரண்டு பக்கமும் விற்ற ஒரே பொருள் சில இருந்தன. அவற்றை எந்த மென்பொருளும் தீர்க்கவில்லை, ஒரு அக்கவுன்டன்ட் அம்மா திங்கட்கிழமை முழுவதும் போன் பண்ணித் தீர்த்தார். உங்கள் விஷயத்தில் அந்தப் போன், பத்திரிகை அடித்துவிட்ட பெண் வீட்டாருக்குப் போகும். அந்த வேலைக்கு நான் வரமாட்டேன்.

ஆகவே உங்களுக்கு முதல் வேலை, ஐந்தாவது ஓட்டு. கலேராவில் அதற்கு `garbd` என்று ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது. டேட்டா எதையும் வைத்துக்கொள்ளாது, ஓட்டு மட்டும் போடும்.

```
garbd --group=mandapam \
      --address="gcomm://10.10.1.11,10.10.2.11"
```

இதை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிறுசேரியிலேயே வைத்தால், சிறுசேரிக்கு எப்போதும் மூன்று ஓட்டு. அங்கே கரண்ட் போனால் அம்பத்தூர் இரண்டு ஓட்டோடு சும்மா நிற்கும். மூன்றாவது இடம் வேண்டும், அம்பத்தூரிலிருந்தும் சிறுசேரியிலிருந்தும் அங்கே போகிற வழி தனித்தனியாக இருக்க வேண்டும், அந்த இரண்டுக்கும் நடுவில் ஓடும் கேபிளைத் தொடக்கூடாது. பெங்களூரில் வைக்கலாமா என்றால் வைக்கலாம், ஆனால் டேட்டாவை வைத்துக்கொள்ளாவிட்டாலும் ரெப்ளிகேஷன் முழுவதும் `garbd` வழியாகவும் போகும். அது குழுவில் ஒரு உறுப்பினர் என்பதால், தூரம் கூடக்கூட ஒவ்வொரு கமிட்டிலும் சில மில்லி விநாடி ஏறும். மண்டபம் புக்கிங்குக்கு அது ஒன்றுமே இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைவில் வைத்திருக்கிற எவரும் மூன்று இடத்தையும் இந்த ஊருக்குள்ளேயே வைக்கத் தயங்குவார்கள். நான் பெங்களூர் என்பேன்.

43 விநாடி

"ஐந்தாவது ஓட்டு வைத்துவிட்டேன், பெரும்பான்மை தானாக முடிவு செய்யும், இனி பிரச்சினை இல்லை" என்று இங்கே நின்றுவிடாதீர்கள். ஓட்டு எடுக்கிற இடமும் டேட்டா நகலெடுக்கிற இடமும் வேறு வேறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு கிட்ஹப் நிறுவனம் வெளிப்படையாக எழுதிய ஒரு விபத்து இருக்கிறது. இந்தத் துறையில் இருக்கிற எல்லோரும் படிக்க வேண்டியது.

2018 அக்டோபர், நம் நேரத்துக்கு 22ஆம் தேதி விடியற்காலை 4:22. அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழுதாகிக்கொண்டிருந்த ஒரு ஒளியியல் கருவியை மாற்றினார்கள். அதில் அவர்களுடைய கிழக்கு நெட்வொர்க் மையத்துக்கும் முதன்மை டேட்டா சென்டருக்கும் இடையே தொடர்பு 43 விநாடி அறுந்தது. அவர்களிடம் மைஎஸ்க்யூஎல் சர்வர்களை மேற்பார்வை பார்க்க ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருள் பல இடங்களில் ஓடியது, ஓட்டுப் போட்டு முடிவெடுக்கும். வெளியே இருந்தவை ஒன்றுகூடிப் பெரும்பான்மை பெற்று, "கிழக்கு போய்விட்டது, மேற்குக் கரை சர்வர்களைத் தலைவராக்கு" என்று முடிவு செய்தன. விதிப்படி அது சரியான முடிவு.

ஆனால் கிழக்கிலிருந்து மேற்குக்கு நகல் போவது உடனுக்குடன் அல்ல, பின்னாலேயே போகும் வகை. அறுவதற்குச் சற்று முன் கிழக்கு சர்வர்கள் "சேமித்துவிட்டேன்" என்று பயனருக்குச் சொல்லிவிட்ட சில விநாடி எழுத்துகள் மேற்குக்குப் போய்ச் சேரவே இல்லை. அவர்களின் பரபரப்பான கிளஸ்டர்களில் ஒன்றில் மட்டும் அப்படி 954 எழுத்துகள். லிங்க் திரும்பி வந்தபோது மேற்கில் புது எழுத்துகள், கிழக்கில் மேற்கு பார்த்திராத எழுத்துகள். எந்தப் பக்கத்தையும் அப்படியே இன்னொன்றின் மேல் வைக்க முடியவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் மேற்கில் எழுதியாகிவிட்டதால் பின்வாங்கவும் வழியில்லை. பேக்கப்பிலிருந்து மீட்டு, நகலெடுத்து, எல்லாம் சரியாக 24 மணி 11 நிமிடம் ஆனது. டேட்டா முக்கியம், தளம் அரைகுறையாக ஓடினாலும் பரவாயில்லை என்று வேண்டுமென்றே முடிவெடுத்ததால்தான் அவ்வளவு நேரம்.

இதில் நான் எடுத்துக்கொண்டது ஒன்று. 43 விநாடி அறுந்தபோது அவர்கள் கன்சிஸ்டன்சியை விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கு வெகு நாள் முன்பே, மேற்குக்குப் போய்ச் சேரும்வரை காத்திருக்காமல் பயனரிடம் "சேமித்துவிட்டேன்" என்று சொல்லலாம் என முடிவு செய்தபோதே விட்டுக்கொடுத்துவிட்டார்கள். கரைக்குக் கரை போய்வரும் நேரத்தை ஒவ்வொரு எழுத்திலும் கொடுக்க வேண்டாம் என்பதற்காக. லிங்க் நன்றாக இருக்கிற நாளில் அந்தக் கடன் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் கலேரா கமிட்டுக்கு முன்பே குழுவுக்கு அனுப்பிவிடுவதால் இந்தக் குறிப்பிட்ட வலையில் நீங்கள் இல்லை. ஆனால் "மெதுவாக இருக்கிறது" என்று யாராவது அதைச் சாதாரண பின்தொடர் ரெப்ளிகேஷனாக மாற்றினால், அன்றே வந்துவிடுவீர்கள்.

அப்படியானால் மேனேஜருக்கு என்ன சொல்வது

டேட்டாபேஸ் முழுவதற்கும் ஒரே பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வேலையையும் எடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: இரண்டு பக்கமும் தனித்தனியாக இதைச் செய்துவிட்டால், நாளைக்கு இரண்டையும் கூட்ட முடியுமா?

விசாரிப்பு பதிவு, வாடிக்கையாளர் போன் நம்பர், வாங்கிய முன்பணத்தின் ரசீது, இவையெல்லாம் கூட்டிக்கொண்டே போகிற வகை. ரசீது எண் மோதாமல் பார்த்துக்கொண்டால் போதும், அம்பத்தூர் ரசீது "அ" என்றும் சிறுசேரி ரசீது "சி" என்றும் தொடங்கலாம். நம் ஊர் ஜவுளிக் கடைகள் கிளைக்கொரு பில் புக் வைத்திருக்கிறார்களே, அதே தந்திரம். இவற்றை இரண்டு பக்கமும் தாராளமாக எழுத விடலாம்.

தேதி உறுதி செய்வதைக் கூட்ட முடியாது. ஒரே மண்டபம், ஒரே முகூர்த்தம், இரண்டு "உறுதி" என்றால் ஒன்றைப் பொய்யாக்கியே தீர வேண்டும். சில டேட்டாபேஸ்கள் "கடைசியாக எழுதியவர் வென்றார்" என்று கடிகாரத்தைப் பார்த்துத் தீர்த்துவிடும், கசாண்ட்ரா அப்படித்தான். மோதல் நடந்தது என்றுகூட யாருக்கும் தெரியாது. ஒரு சர்வரின் கடிகாரம் 3 விநாடி முன்னே ஓடினால் அந்தப் பக்கத்துக் கல்யாணம் ஜெயிக்கும், தோற்றவர் கையில் ரசீதோடு மண்டப வாசலில் நிற்பார்.

ஆனால் இங்கேயும் ஒரு நல்ல வழி இருக்கிறது. மண்டபத்துக்குச் சொந்தக்காரப் பக்கம் என்று ஒன்றை வையுங்கள். அம்பத்தூர், ஆவடி, வில்லிவாக்கம் மண்டபங்களின் தேதியை அம்பத்தூர் மட்டுமே உறுதி செய்யும். ஓஎம்ஆர், தாம்பரம், வேளச்சேரி மண்டபங்கள் சிறுசேரிக்கு. லிங்க் அறுந்தாலும் ஒவ்வொரு பக்கமும் தன் மண்டபங்களை முழு நம்பிக்கையோடு விற்கும், ஏனென்றால் அதைத் தொட வேறு யாருக்கும் உரிமை இல்லை. அடுத்த பக்கத்து மண்டபத்தைக் கேட்டால் மட்டும் "பதிவு செய்திருக்கிறோம், உறுதி செய்து போன் பண்ணுகிறோம்" என்ற பதில். தேற்றத்தை ஏமாற்றவில்லை. மறுப்பு எங்கே விழ வேண்டும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். வில்லிவாக்கம் மண்டபத்தைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் வடக்குப் பக்கத்து அலுவலகத்துக்குத்தான் வருவார்கள் என்றால், அந்த மறுப்பு மிகக் குறைவானவர்களையே தொடும்.

இதற்கு விலை உண்டு. ஒரே கலேரா கிளஸ்டர் இதைச் செய்யாது. இரண்டு தனி கிளஸ்டராகப் பிரித்து, ஒன்றின் நகலை இன்னொன்றுக்குப் படிக்க மட்டும் அனுப்ப வேண்டும். அப்புறம், அம்பத்தூர் நிஜமாகவே தீப்பிடித்து எரிந்தால் அதன் மண்டபங்களை யாரும் விற்க முடியாது, சிறுசேரிக்கு உரிமையை மாற்றிக்கொடுக்கும்வரை. அந்த மாற்றத்தைத் தானாக நடக்க விடாதீர்கள். மாற்றுகிற ஆள் முதலில் அம்பத்தூர் சர்வர்கள் அணைந்துவிட்டன என்று உறுதி செய்ய வேண்டும். பிங் வரவில்லை என்பது உறுதி அல்ல, எங்கள் இரண்டு இன்ஜினியர்களுக்கும் பிங் வரவில்லை. வாட்ச்மேனுக்குப் போன் பண்ணி ரேக்கின் பவரை அணைக்கச் சொன்னால் அது உறுதி. கடைசி சில விநாடிப் பதிவுகள் சிறுசேரிக்கு வராமல் போயிருக்கலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது, எண்ணிக்கை. வாடகை நாற்காலி கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், கோடவுனில் 600. இதைச் சொந்தக்காரப் பக்கத்துக்கு ஒதுக்க வேண்டியதில்லை, எண்ணைப் பிரித்தால் போதும். அம்பத்தூர் கணக்கில் 300, சிறுசேரி கணக்கில் 300. ஒவ்வொரு பக்கமும் தன் 300க்குள் யாரையும் கேட்காமல் கொடுக்கலாம், மொத்தம் 600ஐத் தாண்டவே தாண்டாது. லிங்க் இருக்கும்போது ஒரு பக்கம் குறைந்தால் மற்றதிடமிருந்து வாங்கிக்கொள்ளும். அறுந்த நேரத்தில் அம்பத்தூரில் 250 போய்விட்டது, ஒருவர் 100 கேட்கிறார் என்றால், கோடவுனில் 350 சும்மா அடுக்கியிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஒருவரை இழப்பதுதான் இந்த வழியின் விலை. நாற்காலிக்கு நான் அந்த விலையைக்கூடக் கொடுக்கமாட்டேன். 50 நாற்காலி குறைந்தால் பக்கத்துக் கடையில் வாடகைக்கு எடுத்து அனுப்பிவிடலாம், "சரி" என்றே சொல்லிவிடுவேன். முகூர்த்தத் தேதியைப் பக்கத்துக் கடையில் வாங்க முடியாது. எதில் கறாராக இருப்பது என்பதை இந்த வேறுபாடுதான் முடிவு செய்கிறது, அதை டேட்டாபேஸ் ஆளைவிட உங்கள் மேனேஜர் நன்றாகச் சொல்வார். அவரிடம் "கன்சிஸ்டன்சியா, அவைலபிலிட்டியா" என்று கேட்காதீர்கள். "லிங்க் அறுந்த ஒரு மணி நேரத்தில் தாம்பரம் மண்டபத்தை அம்பத்தூர் கவுன்ட்டரில் கேட்டால் என்ன சொல்லட்டும்" என்று கேளுங்கள்.

எந்த வழியைப் பிடித்தாலும் ஒரு ஞாயிறு இரவு நீங்களே லிங்க்கை அறுத்துப் பாருங்கள். டெஸ்ட் கிளஸ்டரில், அம்பத்தூர் நோடு ஒவ்வொன்றிலும்:

```
iptables -A INPUT  -s 10.10.2.0/24 -j DROP
iptables -A OUTPUT -d 10.10.2.0/24 -j DROP
```

இங்கே `REJECT` போடாதீர்கள். அது "தொடர்பு மறுக்கப்பட்டது" என்று உடனே பதில் அனுப்பிவிடும், சர்வர் அதிலேயே புரிந்துகொள்ளக்கூடும், சோதனையும் அழகாகத் தேறிவிடலாம். ஜேசிபி வெட்டிய கேபிள் பதில் அனுப்பாது. `DROP` போட்டால்தான் அந்த 5 விநாடியும், அந்த நேரத்தில் உங்கள் அப்ளிகேஷன் கனெக்‌ஷன்களைக் குவித்துக்கொண்டு மூச்சுத்திணறுவதும் தெரியும். வெட்டிய பிறகு இரண்டு பக்கமும் `wsrep_cluster_status`, `wsrep_cluster_size` இரண்டையும் பாருங்கள். இரண்டிலும் `Primary` இருந்து, `wsrep_cluster_size` 5 என்று காட்டினால் `garbd` சரியான இடத்தில் இருக்கிறது, இரண்டு பக்கமும் அதன் வழியாகவே பேசிக்கொள்கின்றன. ஒன்றில் மட்டும் `Primary` இருந்தால் மற்ற பக்கத்திலிருந்து `garbd`க்கு வழி இல்லை. இரண்டிலும் `non-Primary` இருந்தால் அது ஓடவே இல்லை, அல்லது எந்தப் பக்கத்திலிருந்தும் அதற்கு வழி இல்லை. இரண்டிலும் `Primary` இருந்தும் அந்த எண் 5க்குக் குறைவாக இருந்தால், யாரோ `pc.ignore_sb` அல்லது `pc.ignore_quorum` என்பதைத் திறந்து வைத்திருக்கிறார்கள். இரண்டாகப் பிளந்ததைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லும் அமைப்பு அது. யார் திறந்தார்கள் என்று அப்புறம் தேடிக்கொள்ளலாம், முதலில் அதை மூடுங்கள்.